ஏழு நிமிடம் நான்கு நொடி

அந்தப் படம் என் போனில் இன்னும் இருக்கிறது. ஓட்டக் கடிகாரம் கொடுத்த கணக்கு. இருபத்தொரு கிலோமீட்டருக்கு இருபத்தொரு வரி. ஏழு நிமிடம் நான்கு நொடி, ஏழு மூன்று, ஏழு ஐந்து, மறுபடி ஏழு நான்கு. கடைசி வரை அப்படியே. மேடும் பள்ளமுமான சாலையில் ஓடிய கணக்கு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸாப்பில் அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். என் வாழ்க்கையில் எனக்கு அத்தனை பேர் கைதட்டியது அந்த ஒரு தடவைதான். நான் செய்தது தப்பு. இதை நான் எழுதுவது அதற்காகத்தான்.

நான் டிரைவர். வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஐ.டி. வளாகம். மெட்ரோ நிலையத்திலிருந்து அந்த வளாகத்துக்கு ஷட்டில் வண்டி ஓட்டுகிறேன். என் மனைவி அதே வளாகத்தின் முதலுதவி அறையில் நர்ஸ். வீடு விவேக் நகரில். காலையில் ஸ்கூட்டரில் சேர்ந்து போவோம். யாருக்கு எந்த ஷிப்ட் என்பதைப் பொறுத்துச் சேர்ந்தோ தனித்தனியாகவோ திரும்புவோம்.

ஓட்டம் முதலில் அவளுடையது. வளாகத்தில் ஓட்டக் குழு ஒன்று இருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். அதை நம்பிச் சேர்ந்த ஒரே நர்ஸ் அவள். ஒரு வருடம் கழித்து நான் சேர்ந்தேன். நான் சேர்ந்தது அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. தினமும் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களோடு ஒரே வரிசையில் நிற்க எனக்கு ஆசை. அதுதான் மீதிப் பாதி.

குழுவின் கேப்டன் கோயம்புத்தூர்க்காரர். வளாகத்தில் பெரிய மேனேஜர், முப்பத்தெட்டு வயதிருக்கும். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார், மரியாதையில் குறை வைக்கமாட்டார். அவர் பேச்சை எதிர்த்துப் பேச முடியாமல் போனதற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம்.

வருடத்துக்கு ஒரு முறை வைட்ஃபீல்டைத் தாண்டி, ஏரிப் பக்கம் போகும் சாலையில், குழு தானே ஓர் அரை மாரத்தான் நடத்தும். அதை இரண்டரை மணி நேரத்துக்குள் முடிப்பவர்களில் இருந்துதான் முழு மாரத்தானுக்குப் போகிறவர்களை எடுப்பார்கள். ஆறு மாதம் பயிற்சி கொடுத்து வெளியூருக்குக் கூட்டிப்போவார்கள். என் மனைவிக்கு அந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேண்டும். ஏன் வேண்டும் என்று கேட்டால், "வேணும்னா வேணும், உனக்கென்னா?" என்பாள். நாள் முழுக்க அடுத்தவர் காய்ச்சலையும் வாந்தியையும் பார்த்துக்கொண்டிருக்கிறவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

முதல் வருடம் இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம். அடுத்த வருடம் முப்பத்து மூன்று. இரண்டு தடவையும் பதினேழாவது கிலோமீட்டரில் கால் செத்துப்போனது. இரண்டு தடவையும் அவள் கொடிக்குப் பின்னால் ஓடினாள்.

கொடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீண்ட ஓட்டங்களில் ஒருவர் முதுகில் ஒரு குச்சியைக் கட்டிக்கொண்டு ஓடுவார். குச்சியின் மேல் ஒரு கொடி, அதில் ஒரு நேரம் எழுதியிருக்கும். 2:30 என்று இருந்தால் அந்த ஆளோடு ஒட்டிக்கொண்டு ஓடினால் போதும், அந்த நேரத்துக்குள் போய்ச் சேரலாம். வேகக் கணக்கைக் கொடிக்காரன் பார்த்துக்கொள்வான். பின்னால் வருகிறவன் அவனை நம்ப வேண்டும், அவ்வளவுதான். எங்கள் கேப்டன் கொடிக்காரர்களுக்குப் போட்ட ஒரே கட்டளை, ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரே நேரம். இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடத்தை இருபத்தொன்று புள்ளி ஒன்றால் வகுத்தால் ஏழு நிமிடம் நான்கு நொடி வரும். மேடானாலும் பள்ளமானாலும் ஏழு நான்கு. ஓட்டம் முடிந்ததும் கடிகாரக் கணக்கைக் குழுவில் போட வேண்டும். யாருடைய கணக்கு ஆடாமல் அசையாமல் இருக்கிறதோ அவன் பெரிய ஆள்.

மூன்றாவது வருடம் அவள் சொன்னாள்: "இந்தத் தடவை வரலைன்னா ஷூவைத் தூக்கிக் குப்பையில போட்டுடுவேன். சும்மா சொல்லல."

எனக்கு அந்தச் சாலை தெரியும். வளாகத்துக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருடம் அதே சாலையில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கியிருக்கிறேன். எந்த வளைவில் நாலாவது கியர் இழுக்காது, எங்கே மூன்றாவதும் திணறும், எங்கே இறங்கும்போது பிரேக்கில் காலை வைக்காமல் கியரிலேயே பிடிக்கலாம் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும். போகும்போது இரண்டு பெரிய ஏற்றம், ஒவ்வொன்றும் இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கிலோமீட்டர் இறக்கம். திரும்பி வரும்போது அதே சாலை தலைகீழ், ஒரு கிலோமீட்டர் ஏறினால் இரண்டு கிலோமீட்டர் இறங்கலாம். மீதியெல்லாம் சமதரை.

ஒரு நாள் சாப்பிடும்போது அவளிடம் கேட்டேன்: "ஏத்தத்துல எந்த டிரைவராவது தரையில போற அதே வேகத்துல வண்டிய ஏத்துவானா?"

"இன்ஜின் கத்தும்."

"அப்போ நீ மட்டும் ஏன் ஏத்தற?"

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கொடி ஏறுதே, அதனால ஏறறேன்."

நல்ல டிரைவர் வேக முள்ளைப் பார்த்து ஓட்டுவதில்லை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு ஓட்டுகிறான். சத்தம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக ஏற்றத்தில் வேகம் குறையும், இறக்கத்தில் கூடும். உடம்பும் அப்படித்தான். ஏழு நான்கில் அந்த ஏற்றத்தை ஏறுவது சமதரையில் ஆறு நிமிடம் இருபது நொடியில் ஓடுவதற்குச் சமம். அந்த வேகத்தை அவளால் பத்து கிலோமீட்டர் பந்தயத்தில்கூடப் பிடிக்க முடியாது. இறக்கத்தில் ஏழு நான்கில் ஓடினால் ஓய்வு கிடைக்கும்தான். ஆனால் ஏற்றத்தில் தொடை எரிந்துபோனால் ஒரு கிலோமீட்டர் ஓய்வில் அது பழைய நிலைக்குத் திரும்பாது. அந்த ஏற்றத்துக்குத்தான் இரண்டு வருடமும் பதினேழாவது கிலோமீட்டரில் விலை கொடுத்தாள்.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் அந்தச் சாலைக்குப் போனோம். அவள் ஓடினாள், நான் ஸ்கூட்டரில் பக்கத்தில் போனேன். மூச்சுக்கு அவள் தானே ஒரு அளவு வைத்துக்கொண்டாள். 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் முதல் பாதியை ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். சமதரையில் சொல்ல முடிகிறதா, ஏற்றத்திலும் அதேபோலச் சொல்ல முடிய வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். அவள் முணுமுணுத்துக்கொண்டே ஏறுவாள், நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஏற்றத்தில் அந்த மூச்சுக்கு ஏழு நிமிடம் நாற்பத்து மூன்று நொடி வந்தது. சமதரையில் ஆறு ஐம்பத்தெட்டு. இறக்கத்தில் ஆறு முப்பத்து மூன்று. அதற்கு மேல் விட்டால் ஒவ்வொரு அடியும் தொடையில் இடித்தது, மறுநாள் படி இறங்க முடியவில்லை.

ஏற்றத்தில் போனதெல்லாம் இறக்கத்தில் திரும்பி வராது. இதை முதலில் நானே நம்பவில்லை. ஏறும்போது ஒரு கிலோமீட்டருக்கு நாற்பத்தைந்து நொடி போகிறது, இறங்கும்போது இருபத்தைந்துதான் கிடைக்கிறது. அதனால் சமதரையில் கொடியைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தோம். மொத்தம் இரண்டு மணி இருபத்தொன்பது நிமிடம், கொடியின் நேரமேதான். வழி மட்டும் வேறு.

அந்தத் திட்டத்தை நான் ஒரு தாளில் எழுதினேன். கிலோமீட்டர், நேரம், பக்கத்தில் கியர். ஏற்றத்துக்கு இரண்டு, சமதரைக்கு நாலு, இறக்கத்துக்கு ஐந்து. அவள் சிரித்தாள். "என்னை வண்டியாவே ஆக்கிட்டியா?" என்றாலும் அதைத்தான் மனப்பாடம் செய்தாள். முதலுதவி அறையில் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பட்டையை நீளமாக வெட்டி, பேனாவால் அதே அட்டவணையை எழுதி, மணிக்கட்டில் ஒட்டி ஓடிப் பார்த்தாள். வியர்வையில் அழியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கேப்டன் என்னைக் கூப்பிட்டு 2:30 கொடியை நான் தூக்க வேண்டும் என்றார். டிரைவர் அல்லவா, கடிகாரம் மாதிரி ஓடுவேன் என்று அவருக்கு நம்பிக்கை. கொடிக்காரர்களுக்குத் தனி நிறத்தில் டி-ஷர்ட், முதுகில் பெயர். நான் சரி என்றேன். வீட்டில் சொன்னதும் அவள் கைதட்டிச் சிரித்தாள்.

"அப்போ பிரச்சனையே இல்ல. நம்ம டேபிள்படி நீ கொடிய எடுத்துட்டுப் போ, நான் பின்னாடி வரேன். எல்லாரும் நல்லா வந்துடுவாங்க."

"கண்டிப்பா," என்றேன்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடிக்காரர்களைக் கேன்டீனில் கூப்பிட்டுக் கேப்டன் பேசினார். நான் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்தார். அவர் மேல் எனக்குள்ள கோபத்தில் இதை மறைக்கமாட்டேன்.

"சூப்பர்ங்ணா. தனியா ஓடறவங்களுக்கு இது கரெக்ட். ஆனா கொடிக்கு ஆகாதுங்க. ஏத்தத்துல நீங்க ஏழு நாப்பத்து மூணுல போனீங்கன்னா பின்னாடி வர்றவங்க வாட்ச்சப் பாத்துட்டு பயந்துக்குவாங்க. 'கொடி லேட்டு'ன்னு உங்களத் தாண்டிப் போயிருவாங்க. அப்பறம் யாருக்கு நீங்க கொடி புடிக்கறீங்க?"

"முன்னாடியே சொல்லிட்டா பயப்பட மாட்டாங்க சார்."

"பதினஞ்சு பேருக்கு விடியக்காலைல நின்னு கிளாஸ் எடுப்பீங்களாங்ணா?" மற்றவர்கள் சிரித்தார்கள். "ஈவனா போங்க. ஏழு நாலு. உங்களால முடியும்."

அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எழுந்திருக்கும்போது அவர் இன்னொன்று சொன்னார். இந்த வருடம் முழு மாரத்தானுக்கு ஆள் எடுக்க முடிவு நேரம் மட்டும் போதாது. பாதி தூரத்தில், திரும்புகிற இடத்தில், ஒரு மணி பதினைந்து நிமிடத்துக்குள் கடந்திருக்க வேண்டும். கட்டுப்பாடாக ஓடுகிறவர்கள்தான் வேண்டுமாம். "உங்க உங்க ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிருங்க," என்றார்.

எங்கள் அட்டவணையில் திரும்புகிற இடம் எனக்கு மனப்பாடம். ஒரு மணி பதினைந்து நிமிடம் நாற்பது நொடி. போகும்போது ஏற்றம் அதிகம், வரும்போது இறக்கம் அதிகம். அதனால் பாதியில் பின்தங்கித்தான் இருப்பாள், பிறகு பிடிப்பாள். திட்டமே அதுதான்.

நாற்பது நொடி. முன்னாலேயே தெரிந்திருந்தால் பத்து கிலோமீட்டரில் அங்கே மூன்று இங்கே ஐந்து என்று பிரித்து, கிலோமீட்டருக்கு நாலு நொடி குறைத்து அவள் அதைச் சரிக்கட்டியிருப்பாள். கொஞ்சம் கஷ்டப்பட்டிருப்பாள், ஆனால் முடிந்திருக்கும்.

நான் வெள்ளிக்கிழமை இரவு சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் கொடியை ஏழு நான்கில் தூக்க ஒப்புக்கொண்டதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமையும் சொல்லவில்லை. அவள் ஷூவைத் துடைத்து வெயிலில் வைத்தாள், பட்டையில் அட்டவணை எழுதினாள். நான் புது டி-ஷர்ட்டை இஸ்திரி போட்டேன். சொல்வதற்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. நான் டி-ஷர்ட் இஸ்திரி போட்டேன்.

ஞாயிறு காலை, ஆரம்பிக்கும் இடத்தில், குச்சியை முதுகில் கட்டிக்கொண்டே சொன்னேன்: "ஈவனா போவச் சொல்லிட்டாங்க. ஏழு நாலு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்போ சொன்னாங்க?"

"இப்பதான்."

பொய்.

"நீ சரின்னுட்டியா?"

"கேப்டன் சொல்றாருமா. நான் என்னா பண்றது?"

"நீ ஒண்ணும் பண்ணாத. கொடியப் புடி." பட்டை ஒட்டிய கையை மடக்கிக்கொண்டு கூட்டத்தின் பின்பக்கம் நடந்து போய்விட்டாள். என் கொடிக்குக் கீழே பதினோரு பேர் நின்றார்கள். பாதி தூர விதியை அவர்களுக்குச் சொன்னேன். அவளுக்குச் சொல்ல இருபது அடி நடக்க வேண்டும். கொடியோடு கூட்டத்தைப் பிளந்து போக வேண்டும், கேப்டன் ஒலிபெருக்கியில் எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் போகவில்லை.

முதல் ஏற்றம் இரண்டாவது கிலோமீட்டரில் ஆரம்பிக்கிறது. தண்ணீர் லாரிகள் நிரப்பும் இடத்தைத் தாண்டி மேலே போகும். ஏழு நான்கு. என் நேரம் இரண்டு மணிக்கும் குறைவு, எனக்கு அது பெரிய வேகமில்லை. என் பின்னால் பேச்சு நின்றது. அதுவரை ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு வந்தவர்கள் மூச்சு மட்டும் விட்டார்கள். பதினோரு இன்ஜின் மேலே இழுக்க முடியாமல் கத்துவது என் காதுக்கு நன்றாகக் கேட்டது. இரண்டாவது ஏற்றத்தின் பாதியில், கணக்குப் பிரிவில் வேலை செய்கிற கன்னடக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணா, ஸ்வல்ப நிதானா..." கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார்.

"ஏழு நாலுதான் சார். கரெக்டா போறோம்."

"கரெக்டுதான். சத்து ஹோகுத்தினி," என்றார். செத்துப்போகிறேன் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்புகிற இடத்தில் ஒரு மணி பதினான்கு நிமிடம் முப்பது நொடி. அங்கே கேப்டன் அட்டையில் தாள் செருகி நின்றுகொண்டிருந்தார். என்னோடு பத்துப் பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் டிக் போட்டார். "பெர்ஃபெக்ட்ங்ணா!" என்று கத்தினார்.

திரும்பி அரை நிமிடம்தான் ஓடியிருப்பேன், எதிரில் அவள் வந்தாள். தனியாக, உதடு அசைந்துகொண்டிருக்க, முகத்தில் பதற்றமே இல்லாமல். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி பதினைந்து தாண்டிக்கொண்டிருந்தது. எனக்குப் புத்தி கலங்கிவிட்டது.

"ஓடு! ஓடு! லேட்டு! புடி, சீக்கிரம் புடி!"

எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் உதடு நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றைக்கும் தெரியும். சேர்ந்து உட்கார்ந்து போட்ட கணக்கை, கூட்டத்தோடு சேர்ந்ததும் மறந்துபோய், நீயும் அவர்களைப்போலவே கத்துகிறாயே என்ற பார்வை. அவளுக்கு விதி தெரியாது. பின்தங்கியிருப்பது சரி என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒரு நொடி கூட வேகம் கூட்டவில்லை. மறுபடி உதடு அசைந்தது. என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் பன்னிரண்டாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் முதல் ஏற்றம். ஒரே கிலோமீட்டர்தான். அதில் நான்கு பேர் விழுந்தார்கள். விழுந்தார்கள் என்றால் தரையில் இல்லை, நடக்க ஆரம்பித்தார்கள். கன்னடக்காரர் ஓரத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் நிற்கவில்லை. ஏழு நான்கு. இறக்கத்தில் பின்னால் வந்தவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பிரேக் போட்டபடி இறங்கினேன். கால்கள் தாமாக ஓட விரும்பின, நான் கடிகாரத்தைப் பார்த்து அவற்றை அடக்கினேன். இலவசமாகக் கிடைத்த வேகத்தைத் தூக்கி எறிந்தேன். பதினாறாவது கிலோமீட்டரில் கடைசி ஏற்றம். உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அழுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கிலோமீட்டர் இறக்கம் முடிந்து கடைசிச் சமதரை வந்தது. பின்னால் ஷூ சத்தம் கேட்டது. களைத்தவன் கால் தரையில் அறையும், இது அப்படி இல்லை. அவள்தான். என் பக்கத்தில் வரும்போது செபத்தின் முதல் பாதி காதில் விழுந்தது, ஒரே மூச்சில். என் கொடியை ஏறிட்டும் பார்க்காமல் என்னைத் தாண்டினாள். எங்களுக்கு முன்னால் முதுகு சிறிதாகிக்கொண்டே போனது.

அவள் இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம் நாற்பது நொடி. நான் இருபத்தொன்பது நான்கு. என்னோடு இரண்டு பேர். மற்ற ஒன்பது பேரில் எட்டுப் பேர் இரண்டு நாற்பது, இரண்டு ஐம்பது என்று நொண்டிக்கொண்டு வந்தார்கள். கன்னடக்காரரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஓடி முடித்த காலோடு அவருக்கு உப்புக் கரைசல் கலக்கிக் கொடுத்து, பாதத்தை மடக்கித் தசைப்பிடிப்பை எடுத்துவிட்டது என் மனைவிதான். நான் பக்கத்தில் போனேன்.

"நல்லா ஓடின," என்றேன்.

"தண்ணி பாட்டில எடு," என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானம் என் கணக்கைக் கேப்டன் குழுவில் போட்டார். 'கொடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.' கைதட்டல் வந்துகொண்டே இருந்தது. ஒன்பது பேரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் தங்களைத் தாங்களே குறை சொல்லிக்கொண்டார்கள், பயிற்சி போதவில்லை, தூக்கம் போதவில்லை என்று. கன்னடக்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார், 'உங்களை ஏமாற்றிவிட்டேன் அண்ணா' என்று.

திங்கட்கிழமை காலை பட்டியல் வந்தது. 2:30 கொடியில் இருந்து இரண்டு பேர். அவள் பெயர் இல்லை. பக்கத்தில் காரணம்: பாதி தூரம் 1:15:40.

கேப்டன் மெட்ரோவில் வந்து என் ஷட்டிலில்தான் ஏறுவார். முன் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி நிறைந்திருந்தது. நான் சாவியைத் திருப்பவில்லை.

"சார், என் வொய்ஃப் பேரு இல்ல."

"பாத்தேங்ணா. எனக்கும் வருத்தந்தான். நாப்பது செகண்ட்."

"முடிச்ச டைம் பாத்தீங்களா? கொடிய விட முன்னாடி வந்துச்சு."

"பாத்தேன். நல்ல ரன்தாங்க. ஆனா ரூல் ரூல்தானுங்களே. இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"உங்க ரூல்ல பாஸ் ஆன பத்துப் பேருல எட்டுப் பேரு ஓட முடியாமப் போயிட்டாங்க சார். நாந்தான் கூட்டிட்டுப் போய்க் கொன்னேன். உங்க ரூல்ல ஃபெயில் ஆனது நல்லா ஓடி வந்துச்சு. இது என்னா ரூலு?"

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"வெள்ளிக்கெழமையே சொன்னேனேங்ணா. வீட்ல சொல்லலீங்களா நீங்க?"

நான் சாவியில் கை வைத்தேன்.

"வண்டிய எடுங்ணா. லேட் ஆவுது. ஒன்பதரைக்கு மீட்டிங்."

எடுத்தேன். வழியில் மேம்பாலம் இருக்கிறது. முழு வண்டி, ஏற்றத்தில் நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கும், இரண்டாவதுக்கும் இறக்கினேன். வண்டி மெதுவாக ஏறியது. ஏன் மெதுவாகப் போகிறீர்கள் என்று கேப்டன் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் பட்டை ஒட்டிய இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது. பட்டியலை அவளும் பார்த்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். ஒன்னேகால் மணி ரூலு உனக்கு எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

கத்தி நின்றது. "ஈவனா போவச் சொன்னது?"

"அதுவும் வெள்ளிக்கிழமைதான்."

"அதான் அங்க நின்னு அப்படிக் கத்தினியா?" அவள் குரல் உயரவே இல்லை. "நான் என்னா நெனச்சேன் தெரியுமா? நம்ம டேபிள் மேல உனக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னு நெனச்சேன். இவன் பயந்துட்டான், பாவம்னு விட்டுட்டேன். நீ பயந்தது அதுக்கு இல்ல. அவங்ககிட்ட பயந்த."

"சொல்லணும்னுதான் நெனச்சேன்..."

"சனிக்கிழமை புல்லா நீ சும்மாதான இருந்த? டி-ஷர்ட்டுக்கு இஸ்திரி போட்டல்ல? அப்போ ஒரு வார்த்த சொல்ல வரலயா? நாப்பது செகண்டுயா. ரெண்டு ஏத்தத்துலயும் கொஞ்சம் பல்லக் கடிச்சிருப்பேன்."

அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். வெங்காயத்துக்கு வருகிற கண்ணீர் எது, மற்றது எது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கே குழுவில் எழுதினேன். அந்த ஏழு நான்கு கணக்கு கைதட்ட வேண்டியது இல்லை, மேட்டுச் சாலையில் ஒரே வேகம் என்பது பின்னால் வருகிறவனின் காலை உடைப்பது, உண்மையான திட்டம் என் மனைவியுடையது என்று. இரண்டு பேர் பெருவிரலைக் காட்டினார்கள். ஒருவர் 'தலைவலி வேண்டாம் அண்ணா' என்று எழுதினார். அடுத்த நாள் யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்தில் என் செய்தி மேலே போய் மறைந்தது. இரண்டு மாதம் கழித்து நான் கொடியைத் திருப்பிக் கொடுத்தேன். யாரும் கெஞ்சவில்லை. வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். பயிற்சி ஓட்டங்களில் அவரும் ஏழு நான்கில்தான் ஓடுகிறார்.

அவள் ஷூவைக் குப்பையில் போடவில்லை. குழுவை விட்டு விலகி, தானே பெயர் கொடுத்து வேறு ஊரில் ஒரு முழு மாரத்தானுக்குத் தயாராகிறாள். ஞாயிறு காலை பூசைக்கு முன்னாலேயே தனியாகக் கிளம்பிவிடுகிறாள். "ஸ்கூட்டர்ல வரட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "பெட்ரோல் வேஸ்டு," என்றாள் இரண்டு தடவையும்.

போன வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு நீளமான வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தது. நாற்பத்திரண்டு வரி, அவள் கையெழுத்து. அந்த ஊரின் சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு என்று எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். பாதி தூரத்துக்கு நேராக ஒரு கோடு, அங்கே எவ்வளவு பின்தங்கலாம் என்பதும் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்த்தேன். தப்பே இல்லை. கியர் எண்கள் மட்டும் இல்லை.